சாபமா, ஏச்சா, இழிபெயரா, வெறும் வாய்ச்சொல்லா?



கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்று பிள்ளைகளுக்கு நாம் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் "கருமம்" என்று சலித்துக்கொள்வதும், "நாசமாப் போ" என்பதும், "முட்டாள்" என்பதும், ஒருவரைச் சாதியோ ஊரோ சொல்லி இகழ்வதும் ஒரே தவறா? நான்கையும் ஒரே கூடையில் போட்டுவிட்டால் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரிவதில்லை. "கருமம்" என்றதற்கு அடி வாங்கிய பையன், பக்கத்து அறையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளியை இழிவாகக் கூப்பிடும்போது யாரும் அதட்டாததைப் பார்க்கிறான். எது பெரிது, எது சிறிது என்ற அளவுகோல் அவனிடம் தலைகீழாகிவிடுகிறது.

இந்த நான்கும் வேறு வேறு. காதுக்கு எவ்வளவு காரமாக ஒலிக்கிறது என்பதில் அந்த வேறுபாடு இல்லை. அந்தச் சொல் யாரை நோக்கிப் போகிறது, போய் என்ன செய்கிறது என்பதில்தான் இருக்கிறது. அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

ஒரு வீட்டு வாசலில் நான்கு வாக்கியங்கள்

நம் பகுதியில் எந்த லைன் வீட்டிலும் நடக்கக்கூடிய ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கீழே ஒரு குடும்பம். மாடியில் சிப்காட் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர், மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார். டேங்க் நிரம்பி வழிகிறது. கீழே கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணியெல்லாம் நனைந்துவிடுகிறது. கீழ்வீட்டு அம்மா வெளியே வந்து பார்க்கிறார். அவர் வாயிலிருந்து வரிசையாக நான்கு வாக்கியங்கள் வருகின்றன.

"அட கருமமே, காலையில துவைச்சதெல்லாம் போச்சு!"

"அந்த ஆளுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? சரியான சோம்பேறி."

"இந்த வடக்கனுங்களுக்கு வீடே குடுக்கக் கூடாது."

"உருப்படாமப் போகட்டும், நாசமாப் போகட்டும்!"

நான்கும் அரை நிமிடத்தில் வந்துவிட்டன. கோபமும் ஒரே கோபம்தான். ஆனால் முதல் வாக்கியம் யாரையும் தொடவில்லை. அந்தத் தெருவில் ஒருவருமே இல்லாவிட்டாலும் அவர் அதைச் சொல்லியிருப்பார். இரண்டாவது, மாடிவீட்டுக்காரர் என்ற ஒரு மனிதரின் குணத்தைத் தாக்குகிறது. மூன்றாவது அவரோடு நிற்கவில்லை. மோட்டாரைத் தொடாத, டேங்கைப் பார்க்காத ஆயிரக்கணக்கான பேரையும் சேர்த்து அடிக்கிறது. நான்காவது அவருடைய இன்றைய செயலை விட்டுவிட்டு, நாளைக்கு அவருக்குக் கேடு வர வேண்டும் என்று கேட்கிறது.

முதலாவதை வெறும் வாய்ச்சொல் என்போம். இரண்டாவது ஏச்சு. மூன்றாவது இழிபெயர். நான்காவது சாபம், நம் வீடுகளில் பத்துவா என்று சொல்வது. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாபம்: நாளைக்குக் கேடு கேட்பது

சாபத்தைக் கண்டுபிடிப்பது எளிது. அதில் எதிர்காலத்தைப் பார்க்கும் ஒரு வினை இருக்கும். "நாசமாப் போக", "உருப்படாமப் போகட்டும்", "கை விளங்காமப் போக", "நீ நல்லாவே இருக்க மாட்டே" என்பவை எல்லாம் இன்னும் நடக்காத ஒன்றை நடக்கச் சொல்கின்றன. பள்ளிக்கூட இலக்கணத்தில் வியங்கோள் என்று ஒன்று படித்திருப்போம். "வாழ்க" என்பதும் வியங்கோள், "ஒழிக" என்பதும் வியங்கோள். வாழ்த்துவதற்கும் வைவதற்கும் தமிழில் ஒரே வினை வடிவம்தான் என்று இலக்கணப் புத்தகமே சொல்கிறது. துஆவும் பத்துவாவும் ஒரே கதவைத் தட்டுகின்றன. கேட்கும் பொருள்தான் வேறு.

சாபத்தின் கனம் இதிலிருந்துதான் வருகிறது. ஏசும்போது நாம் அந்த மனிதரோடு பேசுகிறோம். சபிக்கும்போது அவரைத் தாண்டி, அவருக்கு நன்மை தீமை தரக்கூடியவனிடம் பேசுகிறோம். ஒரு முஃமினைச் சபிப்பது அவரைக் கொலை செய்வதைப் போன்றது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது.

வீட்டுக்குள் இன்னும் கவனம் தேவை. உங்களுக்கோ, உங்கள் பிள்ளைகளுக்கோ, உங்கள் பொருளுக்கோ எதிராகக் கேடு கேட்காதீர்கள், கேட்டது கொடுக்கப்படும் நேரமாக அது அமைந்துவிடலாம் என்பது முஸ்லிமில் வரும் இன்னொரு ஹதீஸின் கருத்து. பரீட்சையில் மார்க் குறைந்த மகனிடம் "நீ பிச்சைதான் எடுப்பே" என்கிறோம். சொல்லும் தாய்க்கு அது கோபம் மட்டும்தான். ஆனால் வாக்கியத்தின் வடிவம் சாபத்தின் வடிவம். "நீ படிக்கலை" என்பது நடந்ததைச் சொல்வது. "நீ உருப்பட மாட்டே" என்பது நடக்காததை விதிப்பது. பிள்ளையும் இரண்டையும் வேறு வேறாகத்தான் கேட்கிறது. முதலாவதை நாளை படித்து மாற்றிவிடலாம். இரண்டாவதில் மாற்ற அதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

மனிதரை மட்டுமல்ல, வண்டியையும் மாட்டையும் சபிப்பது பலருக்கு வழக்கம். ஒரு பயணத்தில் ஒரு பெண் தான் ஏறி வந்த ஒட்டகத்தைச் சபித்துவிட்டார். அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், ஒட்டகத்தின் மேலிருந்த சுமையை இறக்கிவிட்டு அதை விட்டுவிடச் சொன்னார்கள். சபிக்கப்பட்டது நம்மோடு வர வேண்டாம் என்பதே அதன் கருத்து. அந்தப் பெண்ணின் பயணத்தில் ஒட்டகம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், ஒரு சொல்லை எவ்வளவு நிஜமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது விளங்கும். உண்மையிலேயே சபித்துவிட்டாய் என்றால், சபித்ததையே வைத்துப் பயன்பெற உனக்கு என்ன இருக்கிறது?

ஏச்சு: ஒரு மனிதரைத் தாழ்த்துவது

ஏச்சில் பெரும்பாலும் எதிர்கால வினை இருக்காது. ஒரு பெயர்தான் இருக்கும். "முட்டாள்", "சோம்பேறி", "தண்டச்சோறு", "எருமை மாடு" என்று ஒருவர் மேல் ஒட்டப்படும் பெயர். இது அந்த ஒருவரை மட்டுமே தொடும். மாடிவீட்டுக்காரரைச் சோம்பேறி என்றால் அவருடைய தம்பி சோம்பேறி ஆகிவிட மாட்டார்.

ஏச்சுக்கும் கண்டிப்புக்கும் நடுவே உள்ள கோடு பலருக்குத் தெரிவதில்லை. "மோட்டாரை நிறுத்தாமத் தூங்கிட்டீங்க, துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு" என்பது கண்டிப்பு. அது செயலைச் சொல்கிறது. அவர் வந்து நிறுத்தினால் முடிந்துவிடும். "மூளை இருக்கா?" என்பது ஏச்சு. அது ஆளைச் சொல்கிறது. மோட்டாரை நிறுத்தினாலும் அந்தச் சொல் அவர் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

எல்லா ஏச்சும் ஏச்சும் அல்ல. பேரனைத் தூக்கிக்கொண்டு "அடே திருட்டுப் பயலே" என்று தாதிமா கொஞ்சும்போது அதில் திருட்டும் இல்லை, ஏச்சும் இல்லை. குரலும் முகமும் பொருளை மாற்றிவிடுகின்றன. ஆனால் இந்தச் சலுகை அந்த இரண்டு பேருக்குள்தான். அதே சொல்லைப் பக்கத்து வீட்டார் சொன்னால் பேரனின் தாய் பொறுப்பாரா?

ஏச்சிலேயே ஒரு வகை தன் எல்லையை மீறிவிடும். அது தாயையும் பிறப்பையும் இழுக்கும் வசவு. அவற்றை இங்கே அச்சிடத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். உருதுவில் சண்டைக்கு முதல் சொல்லாக வரும் "ஹராமி"யும் அந்தக் குடும்பம்தான். முட்டாள் என்பது ஒரு கருத்து. பிறப்பைச் சொல்வதோ, அங்கே இல்லாத ஒரு பெண்ணின் கற்பின் மேல் சுமத்தும் குற்றச்சாட்டு. கற்புள்ள பெண் மேல் நான்கு சாட்சிகள் இல்லாமல் அவதூறு சொல்வதைக் குர்ஆன் 24:4 எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்பதை நாம் அறிவோம். கோபத்தில் வந்தது என்பதால் அதன் பொருள் மாறிவிடாது. தன் பெற்றோரைத் தானே ஏசுவது எப்படி என்று கேட்டபோது, இவன் அவனுடைய தந்தையை ஏச, அவன் திரும்ப இவனுடைய தந்தையையும் தாயையும் ஏசுவான் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். வசவு எப்போதும் திரும்பி வரும். வரும்போது நம் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

இழிபெயர்: ஒரு கூட்டத்தையே அடிப்பது

இழிபெயரும் பார்ப்பதற்கு ஏச்சைப் போலவே இருக்கும். அதனால்தான் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பிரித்தறிய ஒரு சோதனை இருக்கிறது. அதே கூட்டத்தில் நமக்குத் தெரிந்த ஒரு நல்ல மனிதரை நினைத்துக்கொள்ள வேண்டும். நாம் சொன்ன சொல் அவர் மேலும் படுகிறதா? "சோம்பேறி" என்பது படாது. "வடக்கன்" என்பது படும். நம் வீட்டுக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு, மீதியான சிமெண்டைக்கூடக் கணக்குச் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போன தொழிலாளி மேலும் படும். பிறந்த ஊரையோ, சாதியையோ, மதத்தையோ, உடல் குறையையோ குற்றமாக ஆக்கிவிடுவதுதான் இழிபெயர். "செவிடா நீ?" என்று பிள்ளையைக் கேட்பதும் இதில் சேரும். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் காது நன்றாகவே இருக்கிறது. அடி விழுவது உண்மையில் காது கேளாதவர் மேல்.

இழிபெயரின் வலி நமக்குப் புதிதல்ல. "துலுக்கன்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். துருக்கியரைக் குறித்த சொல் அது. கன்னடத்திலும் தெலுங்கிலும் அதன் உறவுச் சொற்கள் இருக்கின்றன. பழைய தமிழில் அது பெரும்பாலும் ஒரு பெயர்தான். ஸ்ரீரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியார் சன்னதி இருக்கிறது. டில்லி சுல்தானின் மகளாகச் சொல்லப்படும் அந்த நாச்சியாருக்கு அங்கே ரொட்டி படைக்கும் வழக்கமும் இருக்கிறது. வட மாவட்டங்களில் துலுக்காணம் என்று இந்துக் குடும்பங்களில் பெயர் வைப்பார்கள். விருதுநகர்ப் பக்கம் துலுக்கப்பட்டி என்று ஊர் இருக்கிறது. துலுக்கச் சாமந்தி என்று பூவும் இருக்கிறது. இவற்றில் எதிலும் இகழ்ச்சி இல்லை.

ஆனால் இன்று ஒரு பள்ளிக்கூட வாசலில் நம் பிள்ளையைப் பார்த்து "டேய் துலுக்கா" என்றால், அகராதியை எடுத்து வந்து பழைய பொருளைக் காட்டி யாரும் சமாதானம் சொல்ல முடியாது. சொல் மாறவில்லை. சொல்கிறவரின் நோக்கமும், கேட்கிறவரின் இடமும் மாறிவிட்டன. இதன் மறுபக்கமாக ஒன்றையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தின் பெயரான பறையர் என்ற சொல், ஆங்கிலத்துக்குப் போய் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் உலகம் முழுதும் இழிசொல்லாகப் புழங்குகிறது. அந்த மக்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிறர் தங்கள் வசதிக்கு அவர்களுடைய பெயரை வசவாக்கிவிட்டார்கள்.

அகராதி தீர்ப்பு சொல்லாது என்றால் யார் சொல்வது? அழைக்கப்படுகிறவர்தான். பட்டப்பெயர் வைத்து அழைப்பதைத் தடுக்கும் 49:11 வசனம் இறங்கிய பின்னணியை அபூதாவூதில் காணலாம். பனூ ஸலிமா கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. அதில் ஒன்றைச் சொல்லி நபி (ஸல்) அவர்கள் ஒருவரை அழைத்தபோது, அந்தப் பெயரைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும் என்று மற்றவர்கள் கூறினார்கள். அளவுகோல் அங்கேயே கிடைத்துவிட்டது. அவருக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவு போதும். "நாங்க சும்மா விளையாட்டுக்குக் கூப்பிடுறோம்" என்பது கூப்பிடுகிறவரின் வாதம். அதற்கு எடை இல்லை.

அபூதர் (ரலி) அவர்களின் மேலாடை

இழிபெயர் சொன்னவர் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. புகாரியில் வருகிறது. மஃரூர் என்பவர் ரபதா என்ற இடத்தில் அபூதர் (ரலி) அவர்களைச் சந்திக்கிறார். அவரும் அவருடைய பணியாளரும் ஒரே மாதிரி ஆடை அணிந்திருக்கிறார்கள். எஜமானுக்கும் பணியாளுக்கும் ஒரே உடையா என்று வியந்து காரணம் கேட்கிறார். அபூதர் (ரலி) சொன்ன காரணம் ஒரு பழைய சண்டை. ஒரு மனிதரோடு வாய்த்தகராறு வந்தபோது அவருடைய தாயைச் சொல்லி இகழ்ந்துவிட்டார். அந்தத் தாய் அரபியர் அல்லாத பெண் என்று இன்னொரு அறிவிப்பில் வருகிறது. விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் போனது. தாயைச் சொல்லியா அவரை இகழ்ந்தீர் என்று கேட்டு, அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறது என்ற கருத்தில் கண்டித்தார்கள். உங்கள் கீழ் வேலை செய்கிறவர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், உடுப்பதை உடுக்கக் கொடுங்கள் என்றும் சொன்னார்கள்.

இகழப்பட்டவர் பிலால் (ரலி) என்று மேடைகளில் சொல்வது வழக்கம். புகாரியின் அறிவிப்பில் பெயர் எதுவும் இல்லை. பெயர் இல்லாததால் பாடம் குறையவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. அபூதர் (ரலி) தொழுகையாளி, தோழர்களில் முன்னோடி. அப்படிப்பட்டவரிடமும் அந்தக் குணத்தின் மிச்சம் இருக்க முடியும் என்றால், நம்மிடம் இல்லை என்று நாம் சொல்லிவிட முடியாது. இரண்டாவது, அவர் மன்னிப்போடு நிறுத்திக்கொள்ளவில்லை. சொல் ஒரு கூட்டத்தைத் தாழ்த்தியது. ஆகவே தன்னைவிடத் தாழ்ந்தவராக ஊர் கருதும் ஒருவரைத் தினமும் தனக்குச் சமமாக உடுத்தச் செய்தார்.

நீதிமன்றம் எங்கே கோடு போடுகிறது?

இந்த வேறுபாட்டை நாட்டின் சட்டமும் தன் வழியில் பார்க்கிறது. ஆனால் சட்டத்தின் கோடும் மனசாட்சியின் கோடும் ஒரே இடத்தில் இல்லை.

ஜார்க்கண்ட் மாநிலம் சாஸ் என்ற ஊரில் அரசு அலுவலகத்தில் உருது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கப்பட்ட தகவலை 2020 நவம்பரில் ஒருவருக்கு நேரில் கொடுக்கப் போனார். அந்த நபர் தன்னை "மியான்" என்றும் "பாகிஸ்தானி" என்றும் இழிவாகப் பேசியதாகப் புகார் கொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் சொன்னது இது: அந்தப் பேச்சு தரக்குறைவானது என்பதில் சந்தேகமில்லை, ஆனால் மத உணர்வைப் புண்படுத்தும் குற்றம் ஆகாது. அமைதியைக் குலைக்கத் தூண்டும் செயலும் அங்கே இல்லை என்று குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்துவிட்டது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது நம்மில் பலருக்கு மனம் கனத்தது.

இன்னொரு பக்கம், 1989-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அந்தச் சமூகங்களைச் சேர்ந்த ஒருவரைப் பிறர் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி வைதால், அதற்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத எவர் செய்தாலும் குற்றம்தான். முஸ்லிம் என்பதால் விலக்கு இல்லை. "நமக்குத்தான் சாதி இல்லையே" என்று சொல்லிக்கொண்டே, குப்பை எடுக்க வருபவரையோ கால்வாய் சுத்தம் செய்பவரையோ சாதி சொல்லிக் கூப்பிடும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை என்று மறுக்க முடியுமா? கதவைச் சாத்திக்கொண்டு யாரும் இல்லாத வீட்டுக்குள் சொன்னால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் விளக்கியிருக்கிறது. சட்டம் வாசலோடு நிற்கிறது. நம் பிள்ளைகளின் காதுகளோ வீட்டுக்குள்தான் இருக்கின்றன.

எனவே "சட்டப்படி குற்றமில்லை" என்பது "தவறில்லை" என்று ஆகாது. நம்மை நோக்கிச் சொல்லப்பட்டபோது இதை நாம் நன்றாக உணர்ந்தோம். பிறரை நோக்கி நாம் சொல்லும்போதும் அதே அளவை வைக்க வேண்டும்.

வெறும் வாய்ச்சொல்: யாரையும் தொடாதது

கடைசியாக, கீழ்வீட்டு அம்மாவின் முதல் வாக்கியத்துக்கு வருவோம். "கருமம்", "எழவு", "மண்ணாங்கட்டி", "தோபா தோபா" போன்றவை சலிப்பு வெளியேறும் வழிகள். தனியாக இருந்தாலும் வாயில் வரும். கால் இடறினால் வரும், கரண்ட் போனால் வரும். பெரியவர் முன்னால் சொன்னால் மரியாதைக் குறைவு. அதற்கு மேல் அதில் பெரிய பாரம் இல்லை.

ஆனால் இவற்றில் சில, தேய்ந்துபோன சாபங்கள். எழவு என்றால் சாவு. "எழவு, கரண்ட் போச்சு" என்பதில் சாவு யாருக்கும் கேட்கப்படவில்லை. "உன் வீட்டுல எழவு விழ" என்றால் அதே சொல் முழுச் சாபம். "சனியன்" என்பதையும் பாருங்கள். "சனியன், ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்று வண்டியிடம் சொன்னால் சலிப்பு. "சனியனே" என்று மகளைக் கூப்பிட்டால் ஏச்சு. "சனியன் பிடிக்க" என்றால் சாபம். சொல்லைத் தனியே எடுத்து நல்லது கெட்டது என்று பட்டியல் போட முடியாது என்பதற்கு இதுவே போதும். யாரை நோக்கி, எந்த வினையோடு என்று பார்க்க வேண்டும்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பேச்சுக்கு நடுவே "அல்லாஹ் மேல சத்தியமா", "அல்லா கசம்" என்று ஓடும் வழக்கமும் நமக்கு வெறும் வாய்ச்சொல்தான் என்று தோன்றும். உள்ளம் உறுதி கொள்ளாமல் வாயில் வந்துவிடும் வீண் சத்தியத்துக்காக அல்லாஹ் பிடிப்பதில்லை என்று 2:225, 5:89 வசனங்கள் ஆறுதல் தருகின்றன. ஆனால் வீண் சத்தியம் எது என்பதில் மத்ஹபுகளுக்கு இடையே வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், எண்ணமில்லாமல் பேச்சோட்டத்தில் வருவது வீண் சத்தியம். ஹனஃபி மத்ஹபில், உண்மை என்று நம்பி ஒன்றின் மேல் சத்தியம் செய்து, அது பிறகு உண்மையல்ல என்று தெரிவது. நாளைக்குச் செய்வேன் என்று சத்தியம் செய்து, அதை முறித்தால் பரிகாரம் உண்டு. 10 ஏழைகளுக்கு உணவோ உடையோ கொடுக்க வேண்டும். முடியாதவர் 3 நாள் நோன்பு வைக்க வேண்டும். ஆகவே "கசம், நாளைக்குக் காசு தர்றேன்" என்பதை "கருமம்" என்பதோடு சேர்க்காதீர்கள். சந்தேகம் வந்தால் உங்கள் ஜமாஅத் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா மேல், பிள்ளை தலைமேல், சோற்றின் மேல் என்று சத்தியம் செய்வதும் வேண்டாம். சத்தியம் செய்தே தீர வேண்டுமென்றால் அல்லாஹ்வின் மேல் செய்யட்டும், இல்லையென்றால் வாய் மூடியிருக்கட்டும் என்பதே நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல்.

நான்குக்கும் நான்கு மருந்து

மாடியில் மோட்டார் நின்றுவிட்டது. கோபமும் ஆறிவிட்டது. இப்போது அந்த அம்மா என்ன செய்ய வேண்டும்?

"கருமமே" என்றதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நனைந்த துணியை மறுபடி காயப் போட்டால் போதும்.

"மூளை இருக்கா, சோம்பேறி" என்றதற்கு, அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும். "கோபத்துல பேசிட்டேன் தம்பி, மனசுல வச்சுக்காதீங்க" என்ற ஒரு வரி. ஏச்சு ஒரு மனிதரின் உரிமையைப் பறித்தது. அதை மன்னிக்கும் உரிமையும் அவரிடம்தான் இருக்கிறது. தஸ்பீஹ் மட்டும் ஓதி அதைத் தீர்த்துக்கொள்ள முடியாது.

"நாசமாப் போகட்டும்" என்றதற்கு, அல்லாஹ்விடம் இஸ்திஃபார் செய்து, அதே மனிதருக்கு நல்லதைக் கேட்க வேண்டும். தட்டிய கதவை மறுபடி தட்டி, கேட்டதை மாற்றிக் கேட்பது அது. அவர் காதில் சாபம் விழுந்திருந்தால் அவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"வடக்கனுங்க" என்றதுதான் கடினமானது. மாடிவீட்டுக்காரர் மன்னித்தாலும், அவரால் மற்ற எல்லோருக்காகவும் மன்னிக்க முடியாது. பக்கத்தில் நின்று கேட்ட மகனின் மனதில் அந்தச் சொல் ஏறிவிட்டது. அதனால் கேட்டவர்கள் முன்னாலேயே அதைத் திருத்த வேண்டும். "அம்மா அப்படிச் சொன்னது தப்பு. மோட்டாரை மறந்தது அந்த அண்ணன் ஒருத்தர்தான், அவங்க ஊர்க்காரங்க இல்லை" என்று மகனிடம் சொல்ல வேண்டும். அடுத்த முறை அவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அவருடைய பெயர் என்ன என்று இதுவரை கேட்டதே இல்லை என்றால், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதிலிருந்து தொடங்கலாம்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தப் பாடத்தை வாசிக்கும்போது, அவர்கள் பள்ளியிலும் தெருவிலும் கேட்ட சொற்களைச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகளை அவர்களே கேட்டுப் பார்க்கட்டும். யாருமே இல்லாதபோதும் இது வாயில் வருமா? இதில் நாளைக்குக் கேடு கேட்கும் வினை இருக்கிறதா? அதே கூட்டத்தில் உள்ள நல்லவர் மேலும் இது படுகிறதா? முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்றால் அது வெறும் வாய்ச்சொல். இரண்டாவதுக்கு ஆம் என்றால் சாபம். மூன்றாவதுக்கு ஆம் என்றால் இழிபெயர். மூன்றுக்கும் இல்லை என்று வந்து, ஆனாலும் ஒருவர் முகம் வாடினால் அது ஏச்சு.

நம் நாவுகளையும் நம் பிள்ளைகளின் நாவுகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.